வாந்தி நாள்களில் அப்பாவின் மாத்திரைகளில் எவற்றை நிறுத்தி வைப்பது?

தேன்சிட்டு

அப்பாவுக்கு 66 வயது. இரண்டு மாதத்துக்கு முன் வயிற்றுக் கோளாறு வந்து மூன்று நாள் விடாமல் வாந்தி எடுத்தார். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக்கூடாது என்று நானே பக்கத்தில் நின்று கொடுத்தேன். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.4 என்று வந்தது. அதற்கு முந்தைய பரிசோதனையில் 1.1. பொட்டாசியம் 5.8. ஐந்து நாள் படுக்கையில் வைத்துச் சலைன் ஏற்றிய பிறகு கிரியாட்டினின் 1.2க்கு இறங்கியது. சுற்றுக்கு வந்த மருத்துவர், "வாந்தி ஆரம்பித்த அன்றே சில மாத்திரைகளை நிறுத்தி வைத்திருக்க வேண்டும்" என்றார். எவற்றை என்று நான் கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்பா சாப்பிடுபவை இவை. காலையில் டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, மெட்டோப்ரோலால் 50, ஆஸ்பிரின் 75. நான்கு வருடம் முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500. முழங்கால் வலி வந்தால் மட்டும் டைக்ளோஃபினாக் 50. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அவர் முனகியதால் அந்த மூன்று நாளும் டைக்ளோஃபினாக்கை இரண்டு வேளை கொடுத்தேன்.

அடுத்த முறை இப்படி வந்தால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு

வாந்தி எடுக்கும்போது உடம்பில் நீர் குறையும், ரத்த அழுத்தம் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் அழுத்தத்தை இறக்கும் மாத்திரை எதற்கு? பிரஷர் மாத்திரை எதுவாக இருந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டியதுதான். இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய வார்டு

சிறுநீரகப் பிரிவில் 22 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். மணல்மேடு சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி தேன்சிட்டின் அப்பாவைப் போன்றவருக்கு ஆபத்து. ஆகவே நிறுத்தக்கூடாத மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன்.

மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இது இன்னும் முக்கியம். பல மாதமாக அந்த மாத்திரை இதயத்தின் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடியைச் சட்டென்று விட்டால் நாடித்துடிப்பு எகிறும், நெஞ்சுவலி வரும், மாரடைப்பில்கூடப் போய் முடிந்திருக்கிறது. பிசோப்ரோலால், அட்டெனோலால் எல்லாம் இதே குடும்பம். குளோனிடினும் அப்படித்தான், நிறுத்தினால் ரத்த அழுத்தம் பழைய அளவையும் தாண்டி ஏறும். வாந்தியில் இந்த மாத்திரைகள் வயிற்றில் தங்கவே இல்லை, அல்லது நாடி மிகவும் மெதுவாக இருக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். வீட்டில் நாமாக முடிவு எடுக்கக்கூடாது.

இனி நிறுத்தி வைப்பவை. சிறுநீரகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உடம்பில் நீர் குறைந்தால் உள்ளே வரும் ரத்தம் குறையும். அப்போது சிறுநீரகம் வெளியே போகும் குழாயை இறுக்கிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் நிற்கும், வடிகட்டுவது தொடரும். டெல்மிசார்டான், லோசார்டான் என்று 'சார்டான்' என முடிபவையும், எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடிபவையும் அந்த இறுக்கத்தைத் தடுக்கின்றன. சாதாரண நாளில் அதுதான் சிறுநீரகத்துக்கு நல்லது. நீர் வற்றிய நாளில் அதே குணம் வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் செய்துவிடும்.

டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் எதிர்ப்பக்கத்தில் வேலை செய்கின்றன. நெருக்கடியில் உள்ளே வரும் குழாயைச் சிறுநீரகம் விரித்துக்கொள்ளப் பார்க்கும், இவை அதை விடுவதில்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு நீர் மாத்திரை. வாந்தியில் போனது போக மிச்சம் இருக்கும் நீரையும் உப்பையும் அது வெளியே தள்ளுகிறது.

தேன்சிட்டு, உங்கள் அப்பா அந்த மூன்று நாளும் இந்த மூன்றையும் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். வரும் வழி சுருங்கியது, போகும் வழி திறந்து கிடந்தது, இருந்த நீரும் இறங்கியது. கிரியாட்டினின் 1.1லிருந்து 2.4 ஆனது அதனால்தான். நான் வேலை பார்த்த வார்டில் இந்த மூன்றும் சேர்ந்து வந்து படுத்தவர்களை வாரந்தோறும் பார்த்திருக்கிறேன்.

தேன்சிட்டு

படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. நான் கொடுத்த மாத்திரையால்தானே. அப்படியென்றால் மெட்ஃபார்மின், ஆஸ்பிரின்?

பழைய வார்டு

மருந்துச் சீட்டில் எழுதியிருந்ததைத்தானே கொடுத்தீர்கள். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது வெளியேறும் ஒரே வழி சிறுநீரகம். அந்த வழி அடைபட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கி, லாக்டிக் அமிலம் கூடிப்போகும் அபாயம் இருக்கிறது. அதனால் வாந்தி நிற்கும்வரை அதையும் நிறுத்தி வைப்பார்கள். அந்த நாள்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஆஸ்பிரின் 75 வலிக்குக் கொடுக்கும் அளவு இல்லை, ஸ்டென்ட்டுக்காகக் கொடுப்பது. அதைத் தொடர்வதுதான் வழக்கம். வாந்தியில் ரத்தம் தெரிந்தால் கதையே வேறு, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக்குக்குப் பதிலாக, கல்லீரல் கோளாறு இல்லாதவருக்கு, பாராசிட்டமால் சரியான அளவில் போதும்.

கார்மேகம்

இதைத்தான் நான் பல வருடமாகச் சொல்கிறேன். இந்தச் சார்டான் மாத்திரைகள் எல்லாம் கிட்னியைக் காலி செய்பவை. என் அண்ணனுக்கும் கிரியாட்டினின் ஏறியது. அன்றைக்கு டெல்மிசார்டானை நிறுத்தியவர் இன்றுவரை தொடவில்லை.

பழைய வார்டு

கார்மேகம் ஐயா, இதை நான் கடுமையாக மறுக்கிறேன். சர்க்கரை நோயும் சிறுநீரில் புரதமும் இருப்பவருக்குச் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளில் சார்டான், ப்ரில் வகைகள் முதல் இடத்தில் இருப்பவை. நீர் வற்றிய இரண்டு மூன்று நாள்தான் அவற்றுக்கு ஓய்வு. உங்கள் அண்ணனுக்கு எந்தக் காரணத்துக்காக அதை எழுதினார்கள் என்று தெரியாமல் நான் மேலே பேசக்கூடாது. ஆனால் நிறுத்தியது எப்போது, இப்போது அழுத்தம் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

கார்மேகம்

அண்ணனின் மாத்திரை டப்பாவைப் பார்த்துச் சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது.

வெண்சங்கு

எனக்கும் இதே பிரச்சினைதான். டெல்மிசார்டான் ஆரம்பித்ததிலிருந்து காலையில் குமட்டுகிறது. நானும் நிறுத்தி வைக்கலாமா?

தேன்சிட்டு

வெண்சங்கு, நான் கேட்டது வேறு. அப்பாவுக்கு வாந்தி வந்தது வயிற்றுத் தொற்றால், மாத்திரையால் இல்லை. உங்களுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

பழைய வார்டு

அதோடு ஒன்று. தினமும் குமட்டல் என்றால் கிரியாட்டினினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் மெதுவாகச் சோர்ந்துவரும்போதும் குமட்டல் வரும்.

தேன்சிட்டு

இன்னொரு சந்தேகம். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது. இரண்டாம் நாள் காலையில் 104/62 காட்டியது. வழக்கமாக 134/80 இருக்கும். நாடி மட்டும் 70. நாடி சரியாகத்தான் இருக்கிறது, உடம்பு சமாளிக்கிறது என்று நினைத்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரிந்திருக்க வேண்டும்?

பழைய வார்டு

அந்த 70தான் உங்களை ஏமாற்றியது. நீர் வற்றினால் நாடி 100, 110 என்று ஓட வேண்டும். மெட்டோப்ரோலால் அதை ஓடவிடாமல் பிடித்திருந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிடுபவரிடம் சாதாரண நாடியை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

நீங்கள் பார்த்திருக்கக்கூடியவை வேறு இருக்கின்றன. படுத்திருக்கும்போது ஒருமுறை அழுத்தம் பாருங்கள். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் கழித்தும் மூன்று நிமிடம் கழித்தும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது நிற்கும்போது கண் இருட்டினால், நீர் நன்றாகக் குறைந்திருக்கிறது. தள்ளாடுபவரை இதற்காக நிற்க வைக்க வேண்டாம், விழுந்துவிடுவார். இரண்டாவது, சிறுநீர். எத்தனை முறை போனார், என்ன நிறம் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்த மூன்று நாளில் எப்படி இருந்தது?

தேன்சிட்டு

இரண்டாம் நாள் முழுவதும் இரண்டே முறை. கடுந்தேநீர் நிறம். மூன்றாம் நாள் காலையிலிருந்து மதியம் வரை போகவே இல்லை, அப்போதுதான் பயந்து அழைத்துப்போனேன்.

பழைய வார்டு

இரண்டாம் நாள் காலையிலேயே போயிருக்க வேண்டும். குடிப்பது தங்காமல் சிறுநீர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வராவிட்டால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. பேச்சு குழறினாலும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினாலும், கைகால் வலுவிழந்தாலும் அப்படித்தான். பொட்டாசியம் 5.8 என்பது இதயத் துடிப்பைக் கெடுக்கும் அளவை நோக்கிப் போகிறது. அதை வீட்டில் எந்தக் கருவியும் காட்டாது.

ஆற்றோரம்

இந்த இழையைப் பார்த்ததும் என் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். இத்தனை நாள் அது ஒரே மருந்து என்று நினைத்திருந்தேன். உள்ளே டெல்மிசார்டான் 40, மெட்டோப்ரோலால் 50 இரண்டும் இருக்கின்றன. நீங்கள் சொல்வதன்படி ஒன்றை நிறுத்த வேண்டும், மற்றதைத் தொடர வேண்டும். ஒரே மாத்திரையில் இருந்தால் நான் என்ன செய்வது?

பழைய வார்டு

மிக நல்ல கேள்வி. வாந்தி வந்த இரவில் இதற்கு விடை தேட முடியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் போய், "வாந்தி வந்தால் எனக்கு மெட்டோப்ரோலால் மட்டும் தனியாக வேண்டும்" என்று கேட்டு ஓர் அட்டையை எழுதி வாங்கி வையுங்கள். அல்லது எப்போதுமே இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மாத்திரையை நடுவில் உடைத்தால் ஒரு பாதியில் ஒரு மருந்து, மறு பாதியில் இன்னொன்று என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நம்பி உடைக்காதீர்கள். மெட்டோப்ரோலால் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் நசுக்கவே கூடாது.

பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும். ஆனால் பெட்டிப் பெயரை நம்பாமல் அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்ட மருந்துப் பெயரைப் படியுங்கள்.

மணல்மேடு

என் அம்மாவின் மாத்திரையில் டெல்மிசார்டானும் ஆம்லோடிபினும் இருக்கின்றன. இதை நிறுத்தலாம்தானே?

பழைய வார்டு

ஆம்லோடிபின் சிறுநீரக வடிகட்டியின் அழுத்தத்தைச் சார்டான் போலக் குலைப்பதில்லை, அதனால் நிறுத்தும் பட்டியலில் அது வழக்கமாக இல்லை. ஆனாலும் இரண்டு நாள் விட்டால் மெட்டோப்ரோலாலை விட்டது போன்ற ஆபத்தும் இல்லை. உடம்பிலிருந்து மெதுவாகத்தான் போகும். அழுத்தம் இறங்கியிருக்கும்போது சேர்த்தே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அம்மாவுக்கு எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நிழல்மரம்

என் மனைவிக்கு இதயம் பலவீனம். ஃபுரோசமைடு, ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் மூன்றும் உண்டு. போன வருடம் வாந்தி வந்தபோது இணையத்தில் எதையோ படித்துவிட்டு மூன்றையும் நிறுத்தினேன். வாந்தி இரண்டு நாளில் நின்றது. நான்தான் மறுபடி தொடங்க மறந்தேன். ஒன்பதாம் நாள் இரவு அவளால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். நுரையீரலில் நீர். அதனால் இந்த இழையைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: நிறுத்தும் அன்றே, தொடங்கும் நாளையும் எழுதி வையுங்கள்.

பழைய வார்டு

நிழல்மரம் ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. வழக்கமான கணக்கு இது: வழக்கம்போல் உண்டு, குடித்து, அது வயிற்றில் தங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் நிறுத்தியவற்றைப் பழைய அளவிலேயே தொடங்குவார்கள். விட்ட நாளுக்கு ஈடாக இரட்டிப்பாகச் சாப்பிடக்கூடாது. வாந்தியே 48 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

இதயம் பலவீனமானவர்களுக்கு நீர் மாத்திரையை நிறுத்துவது தனிக் கணக்கு. அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றே தொலைபேசியில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உண்ணும் முன், எடை பார்த்துக் குறிக்க வேண்டும். வாந்தியில் எடை இறங்கும். மறுபடி ஏறத் தொடங்கி, வழக்கமான எடையைத் தாண்டி மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம்.

ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும், அதனால் வாந்தியின்போது நிறுத்தும் பட்டியலில் அது நிச்சயம் வரும். டாபாகிளிஃப்ளோசின் பற்றி ஓர் எச்சரிக்கை. உணவு உள்ளே போகாத நாளில் அதைத் தொடர்ந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம். அதற்கும் முதல் அறிகுறி வாந்திதான். சர்க்கரை 160 தானே என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. அதே நேரத்தில் இன்சுலின் போடுபவர்கள் அதை முழுவதுமாக நிறுத்தவே கூடாது. அளவு மாறலாம், அதை மருத்துவர் சொல்வார்.

கல்தூண்

நான் பொது மருத்துவர். பழைய வார்டு சொன்னவற்றில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, ஒன்றைத் தவிர. எல்லாருக்கும் ஓர் அட்டையைக் கொடுத்து வீட்டிலேயே நிறுத்தச் சொல்வது நல்லதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சிறுநீரக நோய்க்கு வழிகாட்டிகள் வெளியிடும் சர்வதேச அமைப்பான கேடிகோவின் 2012 வழிகாட்டி, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கடுமையான நோய் வந்தால் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது. கனடாவின் நீரிழிவு வழிகாட்டிகளும் இப்படி ஒரு பட்டியல் தருகின்றன. ஆனால் இப்படி நிறுத்தியதால் சிறுநீரகம் காப்பாற்றப்பட்டது என்று காட்டும் உறுதியான ஆய்வுச் சான்று மெலிதாகத்தான் இருக்கிறது. நிழல்மரத்தின் வீட்டில் நடந்தது போன்ற கெடுதலை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு ஒரு வாரம் எல்லா மாத்திரையையும் விட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

பழைய வார்டு

டாக்டர், சான்று மெலிது என்பது உண்மை. ஒரே ஒரு வாந்திக்கு நிறுத்தக்கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் குடித்தது எதுவும் தங்காத மனிதர், சார்டானையும் டைக்ளோஃபினாக்கையும் விழுங்கிக்கொண்டே மூன்று நாள் காத்திருந்ததை இந்த இழையிலேயே பார்க்கிறோம். பேச யாரும் கிடைக்காத இரவில் அவர்களுக்கு ஏதோ ஒன்று எழுதிக் கையில் இருக்க வேண்டாமா?

கல்தூண்

வலி மாத்திரையை நிறுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதை உடனே நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம். சார்டானும் நீர் மாத்திரையும் அந்த நோயாளிக்கென்று தனியாக எழுதிக் கொடுத்த சீட்டின்படி இருக்க வேண்டும் என்பதே என் நிலை. பொதுவான அட்டை போதாது. இதய பலவீனத்துக்காகச் சார்டான் சாப்பிடுபவரும் வெறும் ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடுபவரும் ஒன்றில்லை.

கார்மேகம்

அண்ணனிடம் பேசினேன். மூன்று வருடம் முன் வயிற்றுப்போக்கு வந்தபோது மருத்துவமனையில் நிறுத்தியிருக்கிறார்கள். "இப்போதைக்கு நிறுத்தவும்" என்று சீட்டில் இருக்கிறது. எப்போது தொடங்க வேண்டும் என்று எதுவும் இல்லை. நேற்று அழுத்தம் 172/98. திங்கட்கிழமை அழைத்துப்போகிறேன்.

தேன்சிட்டு

இன்று அப்பாவின் மருத்துவரிடம் இந்த இழையில் படித்தவற்றைக் குறித்துக்கொண்டு போனேன். அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இதை அப்பாவுக்காக மட்டும் எழுதியது என்று அழுத்திச் சொன்னார்.

ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தியோ, குடித்தது தங்காமலோ இருந்தால் டெல்மிசார்டான் சேர்ந்த மாத்திரையும் மெட்ஃபார்மினும் அன்றே நிறுத்த வேண்டும். மெட்டோப்ரோலாலும் ஆஸ்பிரினும் தொடர வேண்டும். மெட்டோப்ரோலால் ஒரு வேளை தங்காவிட்டாலும் அவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக்கை வாந்தி நாளில் மட்டும் இல்லை, எப்போதுமே வேண்டாம் என்று அடித்துவிட்டார். சார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிற இதய நோயாளிக்கு அதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். பழைய சீட்டைத் தேடிப் பார்த்தேன், ஆறு வருடத்துக்கு முன் மூட்டு வலிக்காக வேறொருவர் எழுதியது. ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால். யாரும் அதை நிறுத்தச் சொல்லவே இல்லை, நானும் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நன்றாக உண்ணத் தொடங்கிய இரண்டாம் நாள் மாத்திரைகளைத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். தாளின் கீழே "நிறுத்திய நாள்", "தொடங்க வேண்டிய நாள்" என்று இரண்டு வெற்றுக் கோடுகள் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். நிழல்மரம் ஐயா, அது உங்களுக்காக.

நிழல்மரம்

அந்த இரண்டாவது கோட்டில் நிறுத்தும் அன்றே தோராயமாக ஒரு தேதியைப் பென்சிலால் எழுதிவிடுங்கள், அம்மா. வாந்தி நீண்டால் அழித்து மாற்றிக்கொள்ளலாம்.

ஆற்றோரம்

என் மருத்துவர் மாத்திரையைப் பிரித்து எழுத மறுத்துவிட்டார். இரண்டாக இருந்தால் ஒன்றை மறந்துவிடுவேன் என்கிறார். மெட்டோப்ரோலால் மட்டும் ஓர் அட்டை கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அதன் மேல் "வாந்தி நாளுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிட்டேன். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டுவிடக்கூடாது என்பதுதான் இப்போது என் கவலை.

பழைய வார்டு

கவலைப்பட வேண்டியதுதான், மெட்டோப்ரோலால் இரட்டிப்பானால் நாடி மிகவும் இறங்கிவிடும். தனி அட்டையை எடுக்கும் அன்று சேர்ந்த மாத்திரையின் டப்பாவை உங்கள் அறையிலிருந்தே எடுத்து வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் திருப்பிக் கொடுக்கும் அன்று தனி அட்டையை அவர் கையில் கொடுங்கள். உங்களிடம் எந்த நேரமும் இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.